தங்கத்தோடு பங்கு சேர்ந்தால் ஆட்டம் கூடுமா, குறையுமா?

சேமிப்பு முழுவதையும் தங்கத்தில் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம், அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துப் பங்குச் சந்தைக் குறியீட்டு ஃபண்டில் போடச் சொன்னால் என்ன பதில் வரும்? "தங்கமாவது ஏறும் இறங்கும், அவ்வளவுதான். ஷேர் மார்க்கெட் சூதாட்டம். நிம்மதியாக இருக்கும் பணத்தை ஏன் ஆட வைக்க வேண்டும்?" என்பார்கள். தங்கத்தைவிடப் பங்கு அதிகமாக ஆடும் என்பது உண்மை. ஆனால் அதிகமாக ஆடுவதைச் சேர்த்தால் மொத்தச் சேமிப்பும் அதிகமாக ஆடும் என்று அடுத்த அடி வைக்கிறோமே, அது பெரும்பாலும் தவறு. பத்து சதவீதம் பங்கு சேர்ந்ததும் ஆட்டம் குறையவே வாய்ப்பு அதிகம். இதைப் பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

அதற்கு ஐந்து எண்கள் வேண்டும். முதல் இரண்டு, பங்கும் தங்கமும் ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு தரும் என்ற எதிர்பார்ப்பு. அடுத்த இரண்டு, அந்தச் சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகி ஆடும் என்பது. பள்ளியில் திட்ட விலக்கம் என்று படித்தது இதைத்தான். ஐந்தாவது, இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஆடுகின்றன என்பது. இதற்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். முதலீட்டு ஆலோசகர்கள் கோரிலேஷன் என்பார்கள். அது மைனஸ் 1-இலிருந்து பிளஸ் 1 வரை எங்கும் இருக்கலாம். பணத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதை நாம் முடிவு செய்கிறோம். மற்ற ஐந்தும் சந்தையின் கையில்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பங்கு ஃபண்டின் எதிர்பார்ப்பு வருமானம் 12 சதவீதம், திட்ட விலக்கம் 20 சதவீதம். தங்கத்துக்கு 8 சதவீதமும் 15 சதவீதமும். இவை வருங்காலத்தைப் பற்றிய வாக்குறுதி அல்ல, கையால் போட்டுப் பார்க்க வசதியாக நான் எடுத்துக்கொண்ட எண்கள். இருக்கும் 10 லட்சம் ரூபாயில் 6 லட்சம் பங்கு ஃபண்டிலும் 4 லட்சம் தங்கத்திலும் இருக்கட்டும்.

வருமானத்தைக் கணக்கிடுவது மிக எளிது. 12-இல் 60 சதவீதம் 7.2; 8-இல் 40 சதவீதம் 3.2. கூட்டினால் 10.4 சதவீதம். 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்து நாலாயிரம் எதிர்பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறுமா, எதிரெதிராகப் போகுமா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. ஒட்டுறவு எதுவானாலும் சராசரி 10.4-தான்.

ஆட்டத்தையும் இதே முறையில் போட்டால், 20-இல் 60 சதவீதம் 12, 15-இல் 40 சதவீதம் 6, ஆக மொத்தம் 18 என்று வரும். பலரும் மனசுக்குள் போடும் கணக்கு இதுதான். தங்கம் மட்டும் வைத்திருந்தபோது 15 இருந்த ஆட்டம் 18 ஆகிவிட்டதே என்ற பயமும் இதிலிருந்துதான் வருகிறது. இந்த 18 பொய்யில்லை. ஆனால் அது மிக மோசமான நிலையின் விடை. எந்தக் கலவையும் இதைத் தாண்டாது. பெரும்பாலான கலவைகள் இதை எட்டுவதும் இல்லை.

ஏன் என்பதை ஒரு பொம்மைச் சந்தையில் பார்த்துவிடலாம். அந்தச் சந்தையில் பங்குக்கு இரண்டே வகை ஆண்டுதான். நல்ல ஆண்டில் 32 சதவீதம் ஏறும், கெட்ட ஆண்டில் 8 சதவீதம் இறங்கும். இரண்டும் சம அளவில் வருவதால் சராசரி 12, விலகல் எப்போதும் 20. தங்கம் நல்ல ஆண்டில் 23 ஏறும், கெட்ட ஆண்டில் 7 இறங்கும். சராசரி 8, விலகல் எப்போதும் 15. நாம் எடுத்துக்கொண்ட எண்களே அச்சாக வந்துவிட்டன.

இப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இரண்டும் ஆடுகின்றன என்றால், நான்கு வகை ஆண்டுகள் சம வாய்ப்போடு வரும். இரண்டுக்கும் நல்ல ஆண்டில் நம் 60:40 கலவை 28.4 சதவீதம் ஏறும். பங்குக்கு நல்லது, தங்கத்துக்குக் கெட்டது என்றால் 16.4 ஏறும். பங்குக்குக் கெட்டது, தங்கத்துக்கு நல்லது என்றால் 4.4 ஏறும். இரண்டுக்கும் கெட்ட ஆண்டில் 7.6 இறங்கும். நான்கின் சராசரி 10.4. முன்னே போட்ட வருமானக் கணக்கு சரிதான்.

அந்த 10.4-இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு விலகியது என்று பாருங்கள். முதல் ஆண்டு 18 மேலே. இரண்டாவது 6 மேலே. மூன்றாவது 6 கீழே. நான்காவது 18 கீழே. 18 எங்கிருந்து வந்தது? பங்கின் 12-ம் தங்கத்தின் 6-ம் ஒரே பக்கம் இழுத்த ஆண்டுகள் அவை. 6 எங்கிருந்து வந்தது? 12 ஒரு பக்கமும் 6 மறு பக்கமும் இழுத்து, மிச்சம் நின்ற ஆண்டுகள். திட்ட விலக்கத்துக்கு இந்த விலகல்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காண வேண்டும். 18-இன் வர்க்கம் 324, 6-இன் வர்க்கம் 36. பாதி ஆண்டு அது, பாதி ஆண்டு இது, ஆகவே சராசரி 180. அதன் வர்க்கமூலம் 13.4.

மனக்கணக்கு 18 என்று சொன்ன இடத்தில் உண்மையான விடை 13.4. தங்கம் மட்டும் இருந்தபோது இருந்த 15-ஐவிட இது குறைவு. வருமானமோ 8-இலிருந்து 10.4-க்கு ஏறியிருக்கிறது. அதிகம் ஆடும் பங்குக்கு ஆறு பங்கு இடம் கொடுத்த பிறகும் இந்த நிலைதான்.

ஒட்டுறவுக் கெழு என்ன வேலை செய்கிறது என்பதும் இந்தப் பொம்மைச் சந்தையிலேயே தெரிந்துவிடும். சேர்ந்து இழுக்கும் ஆண்டுகள் எத்தனை, எதிர்த்து இழுக்கும் ஆண்டுகள் எத்தனை என்று அது சொல்கிறது. கெழு 1 என்றால் எல்லா ஆண்டும் சேர்ந்தே இழுக்கும். எல்லா ஆண்டும் விலகல் 18 ஆகவே ஆட்டம் 18. கெழு மைனஸ் 1 என்றால் எல்லா ஆண்டும் எதிரெதிர், ஆட்டம் வெறும் 6. கெழு 0 என்றால் பாதிக்குப் பாதி, 13.4. கெழு 0.5 என்றால் நான்கில் மூன்று ஆண்டு சேர்ந்து, ஓர் ஆண்டு எதிர்த்து. 324-ஐ மூன்று தடவையும் 36-ஐ ஒரு தடவையும் கூட்டி நான்கால் வகுத்தால் 252, வர்க்கமூலம் 15.9. இப்படி எந்தக் கெழுவுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

பாடப்புத்தகத்தில் வரும் சூத்திரம் இதையேதான் ஒரே வரியில் சொல்கிறது. நிஜச் சந்தையில் ஆண்டுகள் இரண்டே வகையாக வருவதில்லை என்றாலும் சூத்திரம் மாறாது:

```
σ² = (w₁σ₁)² + (w₂σ₂)² + 2ρ(w₁σ₁)(w₂σ₂)
   = 12² + 6² + 2ρ × 12 × 6
   = 180 + 144ρ
```

w என்பது பணத்தின் விகிதம், σ திட்ட விலக்கம், ρ ஒட்டுறவுக் கெழு. கடைசி உறுப்பில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. முதல் இரண்டு உறுப்புகளும் எப்போதும் கூட்டல்தான். மூன்றாவது, கெழுவைப் பொறுத்துக் கூட்டும் அல்லது கழிக்கும். கிழக்கே 12 அடி நடந்துவிட்டு, பிறகு இன்னும் 6 அடி நடக்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கேயே நடந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து 18 அடி தூரம். திரும்பி மேற்கே வந்தால் 6 அடி. வடக்கே திரும்பினால் பிதாகரஸ் கணக்குப்படி 13.4 அடி. கெழு 0 என்பது அந்தச் செங்கோணத் திருப்பம். கணிதக்காரர்களுக்கு இது வெறும் ஒப்புமையும் இல்லை. கெழு என்பது அந்தக் கோணத்தின் கொசைன் மதிப்பேதான்.

தங்கத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி கேட்கும் வாசகம், "பங்கு விழுந்தால் தங்கம் ஏறும்" என்பது. அப்படி நடந்தால் கெழு மைனஸில் இருக்க வேண்டும். ஆட்டம் குறைய அதெல்லாம் தேவையே இல்லை. பூஜ்யம் போதும். பூஜ்யம் என்றால் எதிரெதிர் என்று பொருள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பொம்மைச் சந்தையில் கெழு பூஜ்யமாக இருந்தும் நான்கில் ஓர் ஆண்டு இரண்டும் சேர்ந்தே விழுந்தன. "தங்கம் காப்பாற்றும் என்றார்கள், இந்த வருஷம் அதுவும் விழுந்துவிட்டதே" என்று புலம்பும் ஆண்டு அது. கணக்கு பொய்த்துவிட்டதாக அர்த்தமில்லை. கணக்கு அந்த ஆண்டையும் உள்ளே வைத்துத்தான் 13.4 என்றது.

பூஜ்யம்கூடக் கட்டாயமில்லை. எல்லாம் தங்கமாக இருக்கும் நிலையில் முதல் சிறு தொகையைப் பங்குக்கு மாற்றும்போது ஆட்டம் குறைய வேண்டுமானால், கெழு இரண்டு திட்ட விலக்கங்களின் விகிதத்துக்குக் கீழே இருந்தால் போதும். சிறியதைப் பெரியதால் வகுக்க வேண்டும். 15-ஐ 20-ஆல் வகுத்தால் 0.75. முதலில் கேட்ட பத்து சதவீதக் கேள்விக்கு இப்போது விடை போடலாம். பங்கு 10, தங்கம் 90 என்றால் ஆட்டத்தின் இரண்டு பகுதிகள் 2-ம் 13.5-ம். கெழு 0 என்றால் ஆட்டம் 15-இலிருந்து 13.6-க்கு இறங்குகிறது. கெழு 0.5 ஆக இருந்தாலும் 14.6. கெழு 0.75 என்றால் 15-ஐச் சற்றே தாண்டும்.

இந்தக் கணக்கின் மூலவர் ஹாரி மார்கோவிட்ஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, ஜான் பர் வில்லியம்ஸ் 1938-இல் வெளியிட்ட முதலீட்டு நூல் ஒன்றை நூலகத்தில் படித்தார். ஒரு பங்கின் மதிப்பு அது வருங்காலத்தில் தரப்போகும் ஈவுத்தொகையின் எதிர்பார்ப்பைப் பொறுத்தது என்றது அந்நூல். மார்கோவிட்ஸுக்கு அங்கே ஒரு கேள்வி எழுந்தது. எதிர்பார்ப்பு வருமானம் மட்டுமே முக்கியம் என்றால், அதிகம் தரும் ஒரே பங்கில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட வேண்டியதுதானே? யாரும் அப்படிச் செய்வதில்லையே? ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்து, மேலே பார்த்த மூன்றாவது உறுப்பை நடுவில் நிறுத்தி 1952-இல் கட்டுரை எழுதினார். அவருடைய முனைவர் பட்டத் தேர்வில் மில்டன் ஃப்ரீட்மன், கணிதத்தில் தவறில்லை, ஆனால் இது பொருளாதாரமே இல்லை என்று மடக்கினாராம். பட்டம் கிடைத்தது. 1990-இல் பொருளாதார நோபலும் கிடைத்தது.

ஐந்து எண்களில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது ஐந்தாவதில்தான். நான்கைந்து மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர் தன் பணத்தைப் பிரித்துப் போட்டிருப்பதாக நினைக்கிறார். எல்லாம் இந்தியப் பெருநிறுவனப் பங்குகளையே வாங்கும் ஃபண்டுகள் என்றால், அவற்றுக்குள் கெழு 1-ஐ ஒட்டியே இருக்கும். 20 சதவீதம் ஆடும் இரண்டு ஃபண்டில் பாதிப் பாதி போட்டு, கெழு 0.95 என்று வைத்துப் பாருங்கள். விடை 19.7. இரண்டு ஃபண்டு, இரண்டு அறிக்கை, இரண்டு கட்டணம். ஆட்டத்தில் குறைந்தது கால் சதவீதம். பெயர் எத்தனை என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, எத்தனை திசை என்பதைத்தான் பார்க்கிறது.

கெழுவை நாமே கணக்கிட ஒரு எக்செல் தாள் போதும். ஒரு பத்தியில் நிஃப்டி, இன்னொன்றில் ரூபாய் மதிப்பில் தங்கம், ஐந்து ஆண்டுகளுக்கான மாத முடிவு விலைகள். இங்கேதான் முதல் குழி. விலைகளை அப்படியே எடுத்துக் கெழு போட்டால் 0.8, 0.9 என்று பயமுறுத்தும். காரணம் எளிது. நீண்ட காலத்தில் இரண்டும் ஏறுகின்றன. ஏறும் எந்த இரண்டு கோடுகளும் உறவினர்கள்போலத் தெரியும். இப்படி வரும் போலிக் கெழுக்களைப் பற்றிப் புள்ளியியல் அறிஞர் உட்னி யூல் 1926-லேயே எச்சரித்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். எனவே முதலில் ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று இரண்டு புதிய பத்திகள் போட வேண்டும். அந்த மாற்றங்கள் D, E பத்திகளில் இருந்தால்:

```
=CORREL(D3:D62,E3:E62)
=STDEV.S(D3:D62)*SQRT(12)
```

இரண்டாவது வரியில் 12-இன் வர்க்கமூலத்தால் பெருக்குவது, மாத ஆட்டத்தை ஆண்டு ஆட்டமாக மாற்றுவதற்கு. இதை மறந்து, மாத விலக்கத்தையும் ஆண்டு வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் எந்த முதலீடும் தேவாமிர்தமாகத் தெரியும். பங்கின் ஆண்டு விலக்கம் 5, 6 சதவீதம் என்று யாராவது காட்டினால், பெரும்பாலும் நடந்தது இதுதான்.

இரண்டாவது குழி, டாலர் விலையில் தங்கத்தை எடுப்பது. நம் ஊர் ஆள் தங்கம் வாங்கும்போது உலோகத்தோடு சேர்த்து டாலரையும் வாங்குகிறார். இறக்குமதித் தங்கத்தின் விலை அப்படித்தான் அமைகிறது. 2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலக நெருக்கடியில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளை விற்று வெளியேறினார்கள். அந்த ஓர் ஆண்டில் சென்செக்ஸ் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 52 சதவீதம், விழுந்தது. விற்றவர்கள் ரூபாயைக் கொடுத்து டாலரை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 39 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர், ஆண்டு முடிவில் 48-ஐத் தாண்டியிருந்தது. டாலரில் தங்கம் அந்த ஆண்டு கொஞ்சம்தான் ஏறியது. ரூபாயில் அதைவிட மிக அதிகமாக ஏறியது. பங்கை விழவைத்த அதே வெளியேற்றம் ரூபாய்த் தங்கத்தைத் தூக்கிவிட்டது. அமெரிக்காவில் இருப்பவருக்கு இந்த உதவி கிடையாது. ஆகவே அமெரிக்க நூல்களில் உள்ள கெழுவை எடுத்து நம் கணக்கில் ஒட்டக்கூடாது.

கெழு நிலையான எண்ணும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் எல்லோருக்கும் கையில் ரொக்கம் தேவைப்பட்டபோது, விற்க முடிந்ததையெல்லாம் விற்றார்கள். ஒரு வார, இரு வார அளவில் பங்கும் தங்கமும் சேர்ந்தே சரிந்தன. சர்வதேசச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 1,680 டாலரை ஒட்டி இருந்த தங்கம் 1,500-க்குக் கீழே போனது. அந்த ஆகஸ்டிலேயே தங்கம் 2,000 டாலரைத் தாண்டியது வேறு கதை. அமெரிக்காவில் 2022-இல் பங்கும் கடன் பத்திரமும் சேர்ந்து விழுந்தன. பல ஆண்டுகளாக எதிரெதிராக ஆடும் ஜோடி என்று பெயர் வாங்கியிருந்தவை அவை. வட்டி விகிதம் வேகமாக ஏறினால் இரண்டுக்கும் ஒரே இடத்தில் அடி விழும் என்பதுதான் காரணம். நெருக்கடியான சில வாரங்களில் கெழு 1-ஐ நோக்கி ஓடுவது சந்தையில் பழகிய காட்சி.

நல்லவேளையாக, 60:40 கலவையின் ஆட்டம் கெழுவின் சிறு பிழைக்கு அவ்வளவு கூச்சப்படுவதில்லை. மைனஸ் 0.1 என்றால் 12.9. பிளஸ் 0.3 என்றால் 14.9. இவ்வளவு தள்ளிப் போனாலும் விடை இரண்டு சதவீதப் புள்ளிக்குள் நிற்கிறது, தங்கத்தின் 15-ஐத் தாண்டவும் இல்லை.

கூச்சம் அதிகம் எதிர்பார்ப்பு வருமானத்தில்தான். 20 சதவீதம் ஆடும் ஒன்றின் சராசரியை 25 ஆண்டு விவரத்திலிருந்து கணித்தால், அந்தச் சராசரியிலேயே 4 சதவீதப் புள்ளி அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும். 20-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் வருவது அது. பங்கு 12 தரும் என்று எழுதியிருக்கிறோமே, அது 8 ஆகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம் என்பதே 25 ஆண்டு அனுபவம் நேர்மையாகச் சொல்லக்கூடியது. 8 என்றால் தங்கத்துக்கும் பங்குக்கும் வருமானத்தில் வித்தியாசமே இல்லை. ஆலோசகர்கள் காட்டும் படங்களில் வருமானம் இரண்டு தசம இடம் வரை துல்லியமாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நகையாக வைத்திருப்பவர்களுக்கு வேறொரு திருத்தமும் உண்டு. செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் போனது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் வருமானத்தில் குறையும். ஆட்டத்திலோ ஒரு மாற்றமும் இருக்காது. கணக்கில் 8-க்குப் பதில் ஆறரை எழுத வேண்டும், 15 அப்படியே இருக்கும். தங்க ஈடிஎஃப்-க்கு இந்தத் திருத்தம் மிகச் சிறிது.

திட்ட விலக்கம் 13.4 என்றால் வீட்டில் என்ன நடக்கும்? ஆட்டம் மணிவடிவப் பரவலை ஒட்டி இருந்தால், மூன்றில் இரண்டு ஆண்டுகள் 10.4-க்கு 13.4 மேலேயோ கீழேயோ உள்ள எல்லைக்குள் முடியும். அதாவது 10 லட்சம், ஆண்டு முடிவில் 9 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் 12 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் இடையில் எங்கோ இருக்கும். மூன்றில் ஓர் ஆண்டு அதற்கு வெளியே. அந்த வெளியே எவ்வளவு தூரம் என்பதில் இந்த எண் பலவீனமானது. பங்குக்கு 12-ம் 20-ம் சரி என்றால், 2008-இல் நடந்த 52 சதவீத வீழ்ச்சி ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறைகூட வரக்கூடாது. வந்துவிட்டது. சாதாரண ஆண்டுகளின் ஆட்டத்தைத் திட்ட விலக்கம் நன்றாகவே சொல்லும். சுழிப்புள்ள ஆண்டின் ஆழத்தை அதைக் கொண்டு அளக்கக் கூடாது.

பணத்தின் விகிதமும் நாம் வைத்த இடத்தில் நிற்பதில்லை. பங்கு 32 ஏறி, தங்கம் 7 இறங்கிய ஆண்டை எடுங்கள். 6 லட்சம் 7 லட்சத்து 92 ஆயிரம் ஆகிறது; 4 லட்சம் 3 லட்சத்து 72 ஆயிரம் ஆகிறது. விகிதம் இப்போது 68:32. கெழு 0-இல் ஆட்டம் 13.4-இலிருந்து 14.4 ஆகிவிட்டது. யாரும் எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை. பழைய ஆட்டமே வேண்டும் என்பவர் கொஞ்சம் பங்கை விற்றுத் தங்கம் வாங்கவேண்டும், அல்லது அடுத்த சேமிப்பைத் தங்கத்தில் போடவேண்டும். விற்றால் வரி உண்டு என்பதால் பலருக்கு இரண்டாவது வழியே மலிவு.

அப்படியானால் எந்த விகிதம் நல்லது? கெழு 0 என்றால், ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும் விகிதத்தை எளிதாகக் காணலாம். தங்கத்தின் விலக்க வர்க்கம் 225, பங்கினுடையது 400. 225-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 625-ஆல் வகுத்தால் 0.36. பங்கு 36, தங்கம் 64 என்ற விகிதத்தில் ஆட்டம் சரியாக 12 சதவீதம்; வருமானம் 9.4. இரண்டில் எதைத் தனியே எடுத்தாலும் 15-க்குக் கீழே இல்லை, சேர்ந்தால் 12.

ஆனால் இந்த 36-ஐத் தசமப்புள்ளியோடு பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. அந்த இடத்தைச் சுற்றி வளைவு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கிறது. பங்கு 30 என்றால் ஆட்டம் 12.1, பங்கு 45 என்றால் 12.2. இன்னும் தள்ளிப் போய் 20:80 விகிதத்தையும் 50:50 விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஆட்டம் 12.6, வருமானம் 8.8. இரண்டாவதில் ஆட்டம் 12.5, வருமானம் 10. பங்கு பயமாக இருக்கிறது என்று ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டவரும், துணிந்து பாதியைப் போட்டவரும் ஏறத்தாழ ஒரே ஆட்டத்தைத்தான் அனுபவிக்கிறார்கள். 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். பங்கு 12 தரும், தங்கம் 8 தரும் என்று எழுதிக்கொண்டோமே, அது நிஜமாக இருந்தால் மட்டும்.